கூடுதல் சாப்பாடு எவ்வளவு? ஒரு கர்ப்பிணித் தட்டின் கணக்கு

"ரெண்டு உசுருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்று சொல்லாத வீடு இல்லை. கர்ப்பத்தில் உண்மையில் தேவைப்படும் கூடுதல், ஒரு சிறு சாப்பாட்டின் அளவுதான். அதைவிடப் பெரிய கூடுதல் குழந்தை பிறந்து பால் கொடுக்கும் மாதங்களில் வேண்டும். நம் வீடுகளிலோ கர்ப்பத்தில் உபசாரம் நடக்கிறது, பிரசவத்துக்குப் பிறகு பத்தியம் தொடங்குகிறது. தேவை ஏறும்போது தட்டு சுருங்குகிறது. இது எத்தனை பெரிய பள்ளம் என்பதை ஒரே பெண்ணின் தட்டை வைத்து ஐந்தாம் மாதத்திலிருந்து கைக்குழந்தைப் பருவம் வரை இங்கே கணக்கிடுகிறோம். இந்தப் பெண் தனியொருவர் அல்ல. டெல்டா மாவட்டக் கிராமங்களில் சாதாரணமாகக் காணக் கிடைக்கும் ஒரு வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டு அமைத்த மாதிரி.

இருந்த தட்டு

வயது 24. உயரம் 150 சென்டிமீட்டர், கர்ப்பத்துக்கு முன் எடை 44 கிலோ. உயரத்துக்கு எடை சரிதான், ஆனால் சேமிப்பு என்று பெரிதாக இல்லை. வீட்டு வேலை முழுவதும் அவரே பார்க்கிறார். சில நாள் வயல் வேலையும் உண்டு. முதல் மூன்று மாதம் வாந்தியில் போயிற்று. அந்த மூன்று மாதத்தில் கூடுதல் உணவு பெரிதாகத் தேவைப்படுவதில்லை, வயிற்றில் தங்குவதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாலே போதும். கணக்கு ஐந்தாம் மாதத்தில் தொடங்குகிறது.

காலை ஒரு டீ. எட்டரைக்கு மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் 130 கிராம் அரிசி வடித்த சோறு, புளிக்குழம்பு, ஏதாவது ஒரு பொரியல். மாலை டீயும் இரண்டு பிஸ்கட்டும். இரவு 100 கிராம் அரிசிச் சோறு, ரசம், மோர், ஒரு அப்பளம். வாரத்தில் இரண்டு நாள் சாம்பார், ஒரு நாள் மீன். சாதாரண நாள் ஒன்றுக்கு இது ஏறத்தாழ 1,470 கலோரியும் 34 கிராம் புரதமும் தருகிறது. அந்தப் புரதத்தின் பெரும்பகுதி அரிசியிலிருந்து வருவது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்போ பாலோ முட்டையோ சேர்ந்தால்தான் உடல் அதை முழுமையாகப் பயன்படுத்தும்.

தேவையை ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி பார்ப்போம். கர்ப்பத்தின் நடு மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் நாளுக்கு 350 கலோரி கூடுதல். புரதம் நடு மூன்று மாதத்தில் 9.5 கிராமும் கடைசி மூன்று மாதத்தில் 22 கிராமும் கூடுதல். இந்தப் பெண்ணின் எடைக்கும் உழைப்புக்கும் கர்ப்பத்துக்கு முன்பே சுமார் 1,600 கலோரியும் 36 கிராம் புரதமும் வேண்டும். ஆகவே இப்போது தேவை 1,950 கலோரி, 46 கிராம் புரதம். ஏழாம் மாதம் முதல் புரதம் 58 கிராம்.

இங்கே பலரும் சறுக்கும் ஒரு இடம் உண்டு. பரிந்துரையிலுள்ள 350 கலோரி, தேவைக்கு மேல் கூட்ட வேண்டியது. இப்போது சாப்பிடுவதற்கு மேல் கூட்ட வேண்டியது அல்ல. இவர் ஏற்கெனவே நாளுக்கு 130 கலோரி குறைவாகச் சாப்பிடுகிறார். 350 மட்டும் கூட்டினால் அதில் ஒரு பங்கு பழைய குழியை நிரப்பிவிடும். எனவே கூட்ட வேண்டியது 480.

எதைக் கூட்டுவது

வீட்டில் முதலில் தோன்றுவது இன்னொரு கரண்டி சோறு. 480 கலோரியையும் சோற்றிலேயே கூட்டினால் ஏறக்குறைய 140 கிராம் அரிசி, வடித்தால் ஒரு பெரிய கிண்ணம். கருப்பை மேலேறி இரைப்பையை நெருக்கும் காலத்தில் அந்தக் கிண்ணம் உள்ளே இறங்காது. இறங்கினாலும் நெஞ்செரிச்சல். அரிசியோடு பதினோரு கிராம் புரதம் வரும், ஆனால் அதுவும் அதே லைசின் குறைந்த புரதம். அதனால் சோற்றைத் தொடாமல், சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவில் இரண்டு சிறு வேளைகளைச் சேர்த்தோம்.

காலை பத்தரைக்கு ஒரு தம்ளர் பால், 200 மில்லி, தண்ணீர் கலக்காதது. 130 கலோரி, ஆறரை கிராம் புரதம். மாலை நாலரைக்குச் சுண்டல்: ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலை, இரவே ஊறவைத்து வேகவைத்து, ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்துத் தேங்காய்ப்பூ சேர்த்தது. 140 கலோரி, ஆறு கிராம் புரதம். இந்த இரண்டும்தான் முதுகெலும்பு.

மீதி, இருக்கிற சாப்பாட்டுக்குள்ளேயே போகிறது. மதியக் குழம்பு எந்தக் குழம்பானாலும் 20 கிராம் துவரம்பருப்பை வேகவைத்து மசித்து அவர் கிண்ணத்தில் மட்டும் ஊற்றுவது. இரண்டு மேசைக்கரண்டிப் பருப்பு பச்சையாக அளந்தால் 20 கிராமுக்குச் சற்று மேல் வரும். இது 65 கலோரி, நாலரை கிராம் புரதம். சோற்றில் ஒரு சிறு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ, 45 கலோரி. ஒரு பூவன் பழம், 70 கலோரி. ஆக மொத்தம் 450 கலோரி, பதினேழரை கிராம் புரதம். தட்டு 1,920 கலோரிக்கும் 51 கிராம் புரதத்துக்கும் வந்துவிட்டது. முப்பது கலோரி குறைவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக் கரண்டிக் கணக்கில் அவ்வளவு நுட்பம் கிடையாது.

கீரையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. முருங்கைக்கீரையில் கலோரியும் புரதமும் சொற்பம். ஆனால் நூறு கிராம் கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் பொரியலுக்குப் பதிலாக அதை வைப்பது தனிக் காரணத்துக்காக. கேழ்வரகும் அப்படித்தான். 30 கிராம் மாவில் கூழோ அடையோ செய்தால் நூறு மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியம் கிடைக்கும்.

ஏழாம் மாதம் புரதம் தாவும்போது பட்டியலில் இரண்டு பொருள் சேர்கின்றன. ஒரு அவித்த முட்டை, 70 கலோரி, ஆறு கிராம். ஒரு கடலை உருண்டை, 20 கிராம் வறுத்த வேர்க்கடலையும் 15 கிராம் வெல்லமும் சேர்ந்தது, 170 கலோரி, ஐந்து கிராம். அதே நேரம் வயிறு நெருங்குவதால் இரவுச் சோறு தானாகவே ஒரு கரண்டி குறையும், குறையட்டும். கடைசி மூன்று மாதத் தட்டு 2,040 கலோரி, 59 கிராம் புரதம் என்று நிற்கிறது. முட்டை சாப்பிடாத வீட்டில் அந்த இடத்துக்கு இன்னொரு தம்ளர் பாலை வைக்கலாம். கலோரி சற்றுக் கூடும், புரதம் ஏறத்தாழ அதேதான்.

மூன்று வாரத்தில் தெரிந்தது

ஐந்தாம் மாதத்திலிருந்து இப்படிப்பட்ட உடலமைப்புள்ள பெண்ணுக்கு மாதம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடை ஏற வேண்டும். மூன்று வாரம் கழித்து, அதே எடைக்கருவியில், அதே போலக் காலையில் சாப்பிடும் முன் எடை பார்த்தால் ஏறியது 300 கிராம். ஒரு கிலோவாவது ஏறியிருக்க வேண்டும். தட்டு சரியாகக் கணக்கிட்டதுதான், ஆனால் வயிற்றுக்குப் போகவில்லை.

"சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "சாப்பிடுறேன்" என்றுதான் பதில் வரும், அது பொய்யும் அல்ல. எனவே கேள்வியை மாற்றி மளிகைச் சாமானைக் கணக்கெடுப்பது நல்லது. நாளுக்கு 30 கிராம் கொண்டைக்கடலை என்றால் மூன்று வாரத்தில் 630 கிராம் தீர்ந்திருக்க வேண்டும். வாங்கிய ஒரு கிலோவில் முக்கால் கிலோ அப்படியே இருக்கிறது. பால் நாளுக்கு 200 மில்லி கூடுதல் என்றால் வீட்டுப் பால் பாக்கெட் கணக்கு கூடியிருக்க வேண்டும், கூடவில்லை. வழக்கமாக வாங்கும் அரை லிட்டர் பாக்கெட்டிலிருந்தே பாதி தண்ணீர் கலந்து ஒரு தம்ளர் வந்துகொண்டிருந்தது. தம்ளர் நிறைய இருந்தும் பால் 100 மில்லிதான்.

சுண்டல் வாரம் இரண்டு நாள் நடந்தது. நடந்த நாளிலும் ஒருவருக்காக மட்டும் 30 கிராம் யாரும் வேகவைப்பதில்லை. ஒரு கிண்ணம் வெந்தால் மூத்த குழந்தை, கணவர், மாமனார் என்று பங்கு போய், அவருக்கு இரண்டு ஸ்பூன் மிஞ்சும். இதைச் சரிசெய்ய அவரைத் தனியாகச் சாப்பிடச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. எந்தத் தாயும் குழந்தை பார்க்கத் தனியாகச் சாப்பிடமாட்டாள். எல்லோருக்குமாக 120 கிராம் வேகவைத்து, அவர் பங்கை முதலில் எடுத்து வைப்பதுதான் தீர்வு. வாரத்துக்கு இரண்டு முறை மொத்தமாக வேகவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வசதியிருந்தால் தாளிப்பது ஐந்து நிமிட வேலை. வசதியில்லாவிட்டால் சில நாள் சுண்டலுக்குப் பதில் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையும் வெல்லமும். வேகவைக்கவே வேண்டாம்.

அங்கன்வாடியிலிருந்து வரும் சத்துமாவும் இதே வழியில்தான் போனது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் வீட்டுக்குக் கொடுத்துவிடும் இந்த உணவு நாளுக்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் தர வேண்டும் என்பது விதி. அதாவது அந்த ஒரு பொருளை முழுமையாக அவரே சாப்பிட்டால் பாலும் சுண்டலும் இல்லாமலேயே கர்ப்பத்தின் கூடுதல் முடிந்துவிடும். ஆனால் பாக்கெட் வீட்டுக்கு வந்ததும் குழந்தைகளின் காலைக் கஞ்சியாகிவிடுகிறது. இன்னொரு குறை, காய்ச்சும் விதம். இரண்டு ஸ்பூன் மாவை இரண்டு தம்ளர் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் வயிறு நிரம்புகிறது, உள்ளே போவது நூறு கலோரியைத் தாண்டாது. வெந்நீர் தெளித்துப் பிசைந்து கொழுக்கட்டையாகவோ புட்டாகவோ அவித்தால் அதே வயிற்று இடத்தில் மூன்று மடங்கு மாவு போகும். இவருக்குக் கஞ்சியை நிறுத்தி வாரத்தில் நான்கு நாள் கொழுக்கட்டை ஆக்கியதும்தான் எடைக்கருவி நகர்ந்தது.

இரும்பு மாத்திரையிலும் ஒரு இடறல் இருந்தது. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஒன்று, 180 நாள். வயிற்றைப் புரட்டுகிறது என்று இவர் அதை இரவில் பாலோடு விழுங்கிவந்தார். பாலிலுள்ள கால்சியம் இரும்பை உடலில் சேரவிடாது. டீ அதைவிட மோசம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரோடும் ஒரு துண்டு நெல்லிக்காயோடும் போடுவது, பாலைக் காலைக்கே வைப்பது, கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுவது: இவ்வளவுதான் மாற்றம். மலம் கறுப்பாகப் போவது இந்த மாத்திரையின் இயல்பு. அதற்குப் பயந்து நிறுத்தத் தேவையில்லை.

பிரசவத்துக்குப் பின்: தலைகீழான தட்டு

பால் முழுதாக ஊறத் தொடங்கிய பிறகு ஒரு தாய் நாளுக்கு முக்கால் லிட்டர் அளவுக்குப் பால் தருகிறாள். இதற்காக முதல் ஆறு மாதம் 600 கலோரியும் 17 கிராம் புரதமும் கூடுதலாக வேண்டும். அடுத்த ஆறு மாதம் 520 கலோரியும் 13 கிராமும். இந்தப் பெண்ணுக்குத் தேவை 2,200 கலோரி, 53 கிராம். கலோரியில் இது கர்ப்பத்தின் எந்த மாதத்தையும்விட அதிகம்.

இப்போது பத்தியத் தட்டு. காலை டீ. இரண்டு இட்லி, ஒரு துளி நெய். மதியம் 80 கிராம் அரிசிச் சோறு, பூண்டுக்குழம்பு, சுட்ட அப்பளம். மாலை டீ, இரண்டு ரஸ்க். இரவு மீண்டும் இரண்டு இட்லி, மிளகு ரசம். பருப்பு வாயு, தயிர் குளிர்ச்சி, பழம் சளி, முட்டை சூடு. தண்ணீரும் அளந்துதான். கூட்டிப் பார்த்தால் 930 கலோரி, 21 கிராம் புரதம். தேவையில் பாதிகூட இல்லை.

இதில் ஏமாற்றும் விஷயம், பால் உடனே வற்றாது. குழந்தை எடை ஏறும், ஆகவே பத்தியம் வேலை செய்வதாகத் தோன்றும். வற்றுவது தாய். கால்சியம், இரும்பு இரண்டும் தாய் என்ன சாப்பிட்டாலும் பாலில் ஏறக்குறைய ஒரே அளவில்தான் போகின்றன. குறைவது அவள் எலும்பிலும் ரத்தத்திலும். ஆனால் பி1, பி12, ஏ, அயோடின் போன்றவை அப்படியல்ல. தாய்க்கு இல்லையென்றால் பாலிலும் குறைந்துவிடும். வெள்ளைச் சோறே உணவாகி மற்றதெல்லாம் ஒதுக்கப்படும் இடங்களில் கைக்குழந்தைக்குப் பெரிபெரி என்ற பி1 குறைபாட்டு நோய் வருவதற்கு இதுதான் காரணம்.

இரண்டாம் வாரம் இந்தப் பெண்ணிடம் முதலில் தெரிந்தது எடை அல்ல, மலச்சிக்கல். பழமும் காயும் தண்ணீரும் இல்லாத தட்டில் இரும்பு மாத்திரையும் சேர்ந்தால் அது நிச்சயம். வலிக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துவது அடுத்த கட்டம். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் போட வேண்டியதை மூன்றாம் வாரமே நிறுத்துபவர்களில் பலர் இப்படித்தான் நிறுத்துகிறார்கள்.

பத்தியத்தை எதிர்த்துப் பேசினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மாமியாரின் அச்சத்தில் ஒரு வாதம் இருக்கிறது, அதற்குப் பதில் சொல்ல வேண்டும். "பருப்பு போட்டா புள்ளைக்கு வாயு புடிச்சிக்கும் நர்ஸம்மா" என்கிறார் அவர். "பருப்புல வர்ற வாயு இவ குடலோட நிக்குதும்மா, பாலுக்குப் போறதில்ல. துவரை வேணாம்னா விடுங்க, பாசிப்பருப்பு போடுங்க, பூண்டு தட்டிப் போட்டுக் கடைஞ்சு குடுங்க" என்று செவிலியர் சொன்னால் பாசிப்பருப்பு உள்ளே வந்துவிடுகிறது. பாசிப்பருப்பை லேசான உணவாகவே நம் வீடுகள் நினைக்கின்றன. பத்தியத்துக்குள்ளேயே இப்படி நுழைய இன்னும் வாசல்கள் உண்டு. பூண்டுப் பால் எல்லா வீட்டிலும் அனுமதி. அதில் 200 மில்லி பால் இருக்கிறது. பூண்டுக்குழம்பில் நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றுவது வழக்கம், அதைக் குறைக்க வேண்டாம். பிரசவ லேகியத்தில் கருப்பட்டியும் எண்ணெயும் உண்டு. முருங்கைக்கீரை பால் சுரக்கும் என்று அவர்களே தருவார்கள்.

பால் சுறாப் புட்டு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. புரதத்துக்கு அது நல்ல உணவுதான். ஆனால் சுறா இன மீன்களில் பாதரசம் சேரும் என்பதால் கர்ப்பிணியும் பாலூட்டுபவளும் அவற்றைத் தவிர்க்கச் சொல்வது பொதுவான அறிவுரை. மத்தியையும் நெத்திலியையும் அதே பக்குவத்தில் உதிர்த்துப் புட்டாக்கலாம். விலையும் குறைவு, முள்ளோடு மெல்லும் நெத்திலியில் கால்சியமும் சேரும்.

பதினைந்தாம் நாள் வாக்கில் இந்தத் தட்டு, கர்ப்பத்தின் ஒன்பதாம் மாதத் தட்டுக்கே திரும்ப வேண்டும்: பால், சுண்டல் அல்லது பாசிப்பயறு, முட்டை, கடலை உருண்டை, கடைந்த பருப்பு. அதன் மேல் அன்று குறைத்த இரவுச் சோற்றுக் கரண்டியைத் திரும்ப வைத்து, இன்னொரு சிறு கரண்டி எண்ணெய் சேர்த்தால் 2,200 தொடும். புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். பிரசவ எடையும் நீரும் இறங்கி முடிந்த பிறகு மாதம் அரை முதல் முக்கால் கிலோ குறைந்தால் இயல்பு. அதற்கு மேல் குறைந்துகொண்டே போனால், தட்டைவிட முதலில் பத்தியம் உண்மையில் முடிந்துவிட்டதா என்று பார்க்கவும்.

இந்தக் கணக்கு பொருந்தாதவர்கள்

கர்ப்பத்துக்கு முன்பே உடற்பருமன் உள்ளவருக்கு இதே பட்டியலைக் கூட்டக்கூடாது. சோறு, பிஸ்கட், டீச் சர்க்கரையைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பும் முட்டையும் வைத்தால் புரதம் ஏறும், கலோரி அவ்வளவாக ஏறாது. இரட்டைக் குழந்தை என்றால் தேவை இன்னும் அதிகம், அதை மருத்துவமனையில்தான் முடிவு செய்ய வேண்டும்.

கர்ப்பகால நீரிழிவு வந்தால் பட்டியலில் சில பொருள் மாறும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தச் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கர்ப்பகால நீரிழிவு. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்னின்று பரப்பிய இந்த ஒற்றைப் பரிசோதனைதான் நம் அரசு மருத்துவமனைகளில் நடக்கிறது. அளவு தாண்டியவருக்குக் கடலை உருண்டைக்குப் பதில் வெல்லம் இல்லாத வறுத்த கடலை. வெல்லம் சேர்ந்த சத்துமாவு வேண்டாம். பழம் பாதி, அதுவும் சுண்டலோடு சேர்த்து. பால், முட்டை, பருப்பு அப்படியே இருக்கலாம். சோற்றை மூன்று பெரிய வேளையாக இல்லாமல் ஐந்து சிறு வேளையாகப் பிரிக்க வேண்டும்.

எடை ஏறினால் நல்லது என்று எப்போதும் நினைக்கவும் கூடாது. ஒரு வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் திடீரென ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் அது சாப்பாட்டின் எடை அல்ல, உடம்பில் கோர்த்த நீர். அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.